சட்டத்துக்குள் மாட்டிய சான்றிதழ்

மெடிக்கல் கடையில் மருந்துச் சீட்டை நீட்டிவிட்டுக் காத்திருக்கும்போது, கல்லாவுக்குப் பின்னால் சுவரைப் பாருங்கள். சாமி படத்துக்குப் பக்கத்தில் கண்ணாடிச் சட்டம் போட்ட இரண்டு மூன்று காகிதங்கள் தொங்கும். ஒன்று கடைக்கு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கொடுத்த லைசென்ஸ். இன்னொன்று ஒரு மனிதரின் பெயரும் பதிவு எண்ணும் உள்ள பதிவுச் சான்றிதழ். கடைக்காரரின் முதலீடு எவ்வளவு பெரியதாக இருந்தாலும், இந்த இரண்டாவது காகிதத்துக்கு உரியவர் கடையில் இல்லாத நேரத்தில், டாக்டர் சீட்டுக்கு மருந்து எடுத்துக் கொடுக்க அந்தக் கடையில் யாருக்கும் உரிமை கிடையாது.

அந்தப் பெயர் அங்கே எப்படி வருகிறது, வந்த பெயர் எப்போது செல்லாமல் போகிறது என்பதுதான் இந்தக் கட்டுரை. டி.பார்ம் படித்த பிள்ளைகள் பலரும் அவர்களின் பெற்றோரும் இதில் ஒரே இடத்தில் தடுமாறுகிறார்கள். டிப்ளமோ கையில் வந்த அன்றே எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். டிப்ளமோ படிப்பு முடிந்ததற்கான சான்று, அவ்வளவுதான். மருந்து கொடுக்கும் உரிமை மாநில பார்மசி கவுன்சில் வைத்திருக்கும் பதிவேட்டில் இருக்கிறது. அந்தப் பதிவேட்டில் ஒரு வரியாக உங்கள் பெயர் ஏற வேண்டும். ஏறிய பெயர் அங்கேயே நிற்க வேண்டும்.

இதற்கெல்லாம் அடிப்படை 1948ஆம் ஆண்டின் பார்மசி சட்டம். அதற்கு முன் டாக்டரிடம் கூட இருந்து கைப்பழக்கத்தில் கற்ற கம்பவுண்டர்கள்தான் ஊரெல்லாம் மருந்து கலந்து கொடுத்தார்கள். சட்டம் வந்தபோது அவர்களைத் தெருவில் விட்டுவிடவில்லை. மருந்துச் சீட்டுக்கு முறையாக மருந்து கொடுக்கும் இடத்தில் ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாமல் வேலை பார்த்தவர்களுக்கு முதல் பதிவேட்டில் இடம் கொடுத்தது. "எங்க தாத்தா காலேஜ் பக்கமே போகல, அவரும் பார்மசிஸ்ட்தானே" என்று இன்றும் சில குடும்பங்களில் பேச்சு வருவது இதனால்தான். தாத்தா நுழைந்த வாசல் முதல் பதிவேட்டோடு மூடிவிட்டது. இன்று எத்தனை ஆண்டுகள் மெடிக்கலில் வேலை பார்த்திருந்தாலும், அந்த அனுபவத்தை மட்டும் வைத்துப் பதிவு வாங்க முடியாது.

பதிவுக்கு முன்னால் மூன்று மாதம்

டி.பார்ம் இரண்டு கல்வியாண்டுப் படிப்பு. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியலோடு உயிரியலோ கணிதமோ படித்திருக்க வேண்டும். இரண்டாம் ஆண்டுத் தேர்வு முடிந்ததும் மெடிக்கலிலோ ஆஸ்பத்திரி மருந்தகத்திலோ செய்முறைப் பயிற்சி எடுக்க வேண்டும். குறைந்தது 500 மணி நேரம், அதையும் மூன்று மாதத்துக்குக் குறையாமல் பரப்பிச் செய்ய வேண்டும். அந்த 500 மணியில் 250 மணி நேரமாவது நிஜமான மருந்துச் சீட்டுகளுக்கு மருந்து கொடுக்கும் வேலையில் போயிருக்க வேண்டும் என்பது விதி.

இந்தப் பயிற்சியை வெறும் கையெழுத்தாகச் சுருக்கிவிடும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. தெரிந்த கடையில் சொல்லி வைத்து, மூன்று மாதம் வீட்டில் இருந்துவிட்டு, முடிவில் முத்திரை வாங்கிக்கொள்கிறார்கள். இதை ஒரு சின்னத் தப்பாக என்னால் பார்க்க முடியவில்லை. அந்த 250 மணி நேரத்தில் என்ன கற்றுக்கொள்கிறார்கள் என்பதற்கு ஒரு சீட்டைப் பார்ப்போம்.

பத்து கிலோ எடையுள்ள குழந்தைக்குக் காய்ச்சல். டாக்டர் பாராசிட்டமால் சிரப் எழுதி, ஒரு வேளைக்கு 6 மில்லி என்று குறித்திருக்கிறார். அவர் மனதில் இருந்தது 5 மில்லியில் 125 மில்லிகிராம் மருந்துள்ள சிரப். அதில் 6 மில்லிக்கு 150 மில்லிகிராம். கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்ற கணக்குக்கு அது சரியாக வருகிறது. ஆனால் அதே பெயரில், ஏறக்குறைய அதே அட்டைப்பெட்டியில், 5 மில்லியில் 250 மில்லிகிராம் உள்ள சிரப்பும் அலமாரியில் பக்கத்திலேயே நிற்கும். அவசரத்தில் கை அதை எடுத்துவிட்டால், அம்மா சொன்னபடி அளந்து கொடுத்த அதே 6 மில்லியில் குழந்தைக்கு 300 மில்லிகிராம் போகும். ஒரு வேளையோடு நின்றால் பெரும்பாலும் தாங்கிவிடும். நாளுக்கு நான்கு வேளை, மூன்று நாள் என்று தொடர்ந்தால் அது ஈரலைத் தொடும் விஷயம். சொட்டு மருந்தாக வரும் பாராசிட்டமாலோ இன்னும் அடர்த்தியானது. ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம் உள்ள சொட்டு மருந்து உண்டு.

பாட்டிலைத் திருப்பி, சிறிய எழுத்தில் உள்ள அந்த ஒரு வரியைப் படித்து, குழந்தையின் எடையைக் கேட்டு, மனக்கணக்குப் போட்டு, சீட்டு சந்தேகமாக இருந்தால் டாக்டருக்கு போன் போடும் பழக்கம் பாடப்புத்தகத்தில் வராது. பக்கத்தில் அனுபவமுள்ள ஒருவர் நிற்க, நூறு சீட்டுகள் கைவழியே போன பிறகுதான் வரும். பதிவுக்கு முன்னால் சட்டம் அந்த மூன்று மாதத்தை வைத்திருப்பதே இதற்காகத்தான்.

பயிற்சிக் காலத்தை எந்த இடத்தில் முடித்தீர்கள் என்பதும் முக்கியம். அங்கே பதிவு பெற்ற பார்மசிஸ்ட் ஒருவர் இருக்க வேண்டும். அவர் மேற்பார்வையில்தான் பயிற்சி நடக்க வேண்டும். சான்றில் கையெழுத்துப் போடும் அவருடைய பதிவே காலாவதியாகியிருந்தால், உங்கள் விண்ணப்பத்தில் கேள்வி எழும். சேரும் முன் அவருடைய பதிவு எண்ணையும் புதுப்பிப்பையும் கேட்டுப் பார்ப்பதில் தயக்கம் வேண்டாம்.

அண்மையில் இன்னொரு படியும் சேர்ந்திருக்கிறது. டி.பார்ம் முடித்தவர்களுக்கு வெளியேறும் தேர்வு ஒன்றை நடத்த இந்திய பார்மசி கவுன்சில் 2022இல் விதி கொண்டுவந்தது. மூன்று தாள்கள், எல்லாம் விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள். ஒவ்வொரு தாளிலும் தனித்தனியாக 50 சதவீதம் எடுக்க வேண்டும், மூன்றையும் ஒரே தடவையில் தேற வேண்டும். எத்தனை தடவை எழுதலாம் என்பதற்குக் கட்டுப்பாடு இல்லை. இந்தத் தேர்வு பொருந்தும் மாணவர்களுக்கு, அதில் தேறிய சான்று இல்லாமல் பதிவு கிடையாது. நீங்கள் எந்த ஆண்டில் சேர்ந்தீர்கள் என்பதைப் பொறுத்தது இது. கல்லூரியில் நண்பர்கள் சொல்வதை நம்பாமல், கவுன்சிலிடமே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

விண்ணப்பம் எங்கே சிக்குகிறது

சட்டத்தின் 32ஆம் பிரிவு கேட்பது குறைவுதான். 18 வயது ஆகியிருக்க வேண்டும். அந்த மாநிலத்தில் குடியிருக்க வேண்டும், அல்லது அங்கே மருந்துத் தொழில் செய்ய வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட தேர்வில் தேறியிருக்க வேண்டும், அல்லது வேறொரு மாநிலத்தில் ஏற்கெனவே பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். கட்டணம் கட்ட வேண்டும். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, டி.பார்ம் மதிப்பெண் பட்டியல்கள், டிப்ளமோ, பயிற்சிச் சான்று, முகவரிச் சான்று, புகைப்படங்கள் எல்லாம் இந்த நான்கையும் நிரூபிக்கத்தான்.

விண்ணப்பம் நிற்பது பெரும்பாலும் இரண்டு இடங்களில். முதலாவது கல்லூரியின் அங்கீகாரம். ஒரு கல்லூரிக்கு அங்கீகாரம் இருக்கிறது என்பது மட்டும் போதாது. நீங்கள் படித்த அந்த ஆண்டுகளுக்கு, அந்தப் படிப்புக்கு, இந்திய பார்மசி கவுன்சிலின் அங்கீகாரம் இருந்திருக்க வேண்டும். வெளிமாநிலக் கல்லூரிகளில், வகுப்புக்கே போகாமல் "சீட்டு வாங்கித் தர்றோம்" என்று ஏஜென்ட் மூலம் சேர்ந்தவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். கவுன்சில் தேர்வு நடத்திய வாரியத்துக்கே எழுதி, மதிப்பெண் பட்டியல் உண்மைதானா என்று கேட்கும். பதில் வராமல் மாதக்கணக்கில் விண்ணப்பம் நிற்பதும் உண்டு. வந்த பதில் "எங்கள் பதிவில் இல்லை" என்று இருந்தால் கதை போலீஸ் வரை போகும். ஏஜென்டுக்குக் கொடுத்த பணமும் இரண்டு ஆண்டுகளும் திரும்பி வராது. அதனால் சேரும்போதே, இந்திய பார்மசி கவுன்சில் வெளியிடும் பட்டியலில் அந்தக் கல்லூரியின் பெயர், அந்தப் படிப்பு, அந்தக் கல்வியாண்டு மூன்றும் ஒரே வரியில் இருக்கிறதா என்று பார்த்து, அந்தப் பக்கத்தை அச்செடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது நம்ம ஊருக்கே உரிய சிக்கல், இனிஷியல். பத்தாம் வகுப்பில் "செ. மாலதி". ஆதாரில் "மாலதி செல்வம்". டி.பார்ம் மதிப்பெண் பட்டியலில் ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக் கூடுதலாக. குடும்ப அட்டையில் கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயரோடு. நமக்கு இது ஒரே ஆள்தான். அலுவலகத்துக்கு நான்கு பேர். பதிவேட்டில் ஏறும் பெயர்தான் பிறகு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கொடுக்கும் கடை லைசென்ஸில் பார்மசிஸ்ட் பெயராக ஏறும், அரசு வேலை விண்ணப்பத்தில் ஒப்பிடப்படும். ஆகவே விண்ணப்பிக்கும் முன்பே பத்தாம் வகுப்புச் சான்றிதழைத் தாயாக வைத்து மற்றவற்றைத் திருத்திவிடுவது நல்லது. ஆதாரைத் திருத்துவது சுலபம். டி.பார்ம் மதிப்பெண் பட்டியலில் எழுத்துப் பிழை இருந்தால் கல்லூரி வழியாக வாரியத்துக்குப் போய்த்தான் வர வேண்டும், அதற்கு நாள் பிடிக்கும். பிரமாணப் பத்திரம் எழுதி ஒட்டவைக்கலாம் என்று எல்லோரும் சொல்வார்கள். சில நேரம் அது செல்லும். ஆனால் ஒவ்வொரு புதிய அலுவலகத்திலும் அந்தப் பத்திரத்தைத் திரும்பத் திரும்ப விளக்க வேண்டியிருக்கும்.

பதிவாளர் விண்ணப்பத்தை நிராகரித்தால் அதோடு முடிந்தது என்று இடிந்துபோக வேண்டாம். நிராகரித்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் மாநில கவுன்சிலிடமே மேல்முறையீடு செய்யலாம் என்று 33ஆம் பிரிவு சொல்கிறது. அதற்கு நிராகரிப்பு எழுத்தில் இருக்க வேண்டும். "இது சரிப்படாது தம்பி, எடுத்துட்டுப் போங்க" என்று கவுன்டரில் வாய்மொழியாகச் சொன்னதை வைத்து எங்கும் போக முடியாது. காரணத்தை எழுதிக் கேளுங்கள்.

ரெனியூவல் கணக்கு

புதுப்பிக்கும் தேதியைத்தான் அதிகம் பேர் தவறாகக் கணக்கிடுகிறார்கள். டூவீலர் இன்ஷூரன்ஸைப் போல, பதிவு வாங்கிய தேதியிலிருந்து எண்ணுகிறார்கள். சட்டம் அப்படி எண்ணவில்லை.

34ஆம் பிரிவின்படி, பெயர் முதலில் பதிவான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் டிசம்பர் 31 வரை புதுப்பிப்புக் கட்டணம் தேவையில்லை. அதற்குப் பிறகும் பெயர் பதிவேட்டில் நிற்க வேண்டுமானால் ஆண்டுதோறும் கட்டணம் கட்ட வேண்டும். எந்த ஆண்டுக்கான கட்டணமோ, அந்த ஆண்டின் ஏப்ரல் 1க்கு முன்னால் கட்ட வேண்டும்.

மாலதியையே எடுத்துக்கொள்வோம். விழுப்புரத்துப் பெண். 2022 நவம்பரில் பதிவு. அடுத்த ஆண்டு 2023. அதன் டிசம்பர் 31 வரை கவலை இல்லை. 2024ஆம் ஆண்டுக்கான முதல் கட்டணத்தை 2024 மார்ச் 31க்குள் கட்ட வேண்டும். அவருடைய தோழி 2022 ஜனவரியிலேயே பதிவு வாங்கியவர். பத்து மாதம் முன்னால் வாங்கியிருந்தாலும் தோழிக்கும் கெடு அதே 2024 மார்ச் 31தான். மாலதி மனதில் போட்டுவைத்த கணக்கு "நவம்பரில் வாங்கினோம், ரெண்டு வருஷம் ஆனா 2024 நவம்பர்". அந்தக் கணக்கில் எட்டு மாதம் பிசகு.

அந்த எட்டு மாதத்தில் என்ன நடக்கும்? கெடுவுக்குள் கட்டணம் வராவிட்டால் பதிவாளர் அந்தப் பெயரை நீக்க வேண்டும் என்பதே 34ஆம் பிரிவின் சொல். பெயர் பதிவேட்டில் இல்லையென்றால் அவர் பதிவு பெற்ற பார்மசிஸ்ட் இல்லை. அதன் பிறகு டாக்டர் சீட்டுக்கு மருந்து எடுத்துக் கொடுத்தால், 42ஆம் பிரிவின் கண்ணில் அது பதிவில்லாதவர் செய்த வேலை. இந்தப் பிரிவுக்கு முன்பு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்றிருந்தது. 2023இல் ஜன் விஸ்வாஸ் சட்டத்தின் வழியாக அதை மாற்றினார்கள். இப்போது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சிறைக்காலம் குறைந்தது. அபராதத்தின் உச்சம் இருநூறு மடங்கு ஆனது. மாதச் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் பார்மசிஸ்டுக்கு இரண்டு லட்சம் என்றால் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை.

கடை முதலாளிக்கும் இது தலைவலி. மருந்து விதிகளின் 65ஆம் விதி, சீட்டுக்கு மருந்து கொடுப்பது பதிவு பெற்ற பார்மசிஸ்டாலோ அவருடைய நேரடி மேற்பார்வையிலோ மட்டுமே நடக்க வேண்டும் என்கிறது. 2024 ஜூனில் மருந்து ஆய்வாளர் கடைக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் முதலில் கேட்பது பார்மசிஸ்ட் எங்கே என்பது. அடுத்து, ரெனியூவல் எங்கே என்பது. மாலதி கல்லாவிலேயே நிற்கிறார், சான்றிதழ் சுவரிலேயே தொங்குகிறது. ஆனால் நடப்பு ஆண்டுக்கான கட்டணப் பதிவு இல்லை. அந்த நேரத்தில் கடைக்குப் பார்மசிஸ்ட் இல்லை என்றுதான் ஆய்வுக் குறிப்பில் ஏறும். கடையின் லைசென்ஸ் மேல் நடவடிக்கை வரலாம்.

விடுபட்ட பெயரைத் திரும்பச் சேர்க்கச் சட்டத்திலேயே வழி உண்டு. நிலுவையையும் அதற்கென்று விதித்த கட்டணத்தையும் கட்டி விண்ணப்பித்தால் கவுன்சில் மீண்டும் சேர்க்கும். ஆனால் "அடுத்த மாசம் சேத்துக் கட்டிக்கலாம்" என்று தள்ளிப்போடும் ஒவ்வொரு நாளும், கல்லாவில் நிற்பது பதிவில்லாத ஒருவர்தான். பெயர் திரும்ப ஏறியது உறுதியாகும் வரை சீட்டுக்கு மருந்து கொடுக்கும் வேலையிலிருந்து விலகி நிற்பதுதான் பாதுகாப்பு.

கட்டணம் கட்டியதும் வேலை முடிந்துவிடாது. பணம் கட்டிய ரசீது வேறு, புதுப்பிப்பு பதிவானது வேறு. கட்டணம் கிடைத்ததைச் சான்றிதழில் குறித்துத் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆன்லைனில் கட்டினால் வங்கிக் கணக்கில் பணம் கழிந்ததைப் பார்த்துத் திருப்தியடையாமல், எந்த ஆண்டு வரை செல்லும் என்று கவுன்சில் தரும் புதுப்பிப்புச் சான்றை இறக்கி, அச்செடுத்து, கடைச் சுவரில் பழைய சான்றிதழுக்குக் கீழே மாட்டுங்கள். அந்தச் சான்றில் அச்சிட்டிருக்கும் தேதிதான் ஆய்வாளர் பார்ப்பது. பல ஆண்டுகளுக்கு ஒரே தடவையில் கட்டும் வசதி இருந்தால் அதை எடுத்துக்கொள்வது புத்திசாலித்தனம். பல மாநில கவுன்சில்கள் ஐந்தாண்டுக் கணக்கில் வாங்குகின்றன.

ஐந்து ஆண்டு என்ற கணக்கு இன்னொரு விஷயத்திலும் வருகிறது. 2015ஆம் ஆண்டின் பார்மசி தொழில் விதிகள், பதிவு பெற்றவர்கள் ஐந்து ஆண்டுக்குள் ஒரு நாள் அளவிலான புத்தாக்கப் பயிற்சி இரண்டிலாவது கலந்துகொள்ள வேண்டும் என்கின்றன. பத்து ஆண்டுகளுக்கு முன் டி.பார்ம் முடித்த ஒருவருக்கு, இப்போது சர்க்கரை நோய்க்கு எழுதப்படும் மாத்திரைகளில் பாதி படிக்கும் காலத்தில் பெயர்கூடக் கேள்விப்படாதவையாக இருக்கலாம். ஒரு நாள் வகுப்பு போதுமா என்று கேட்டால், போதாது என்றுதான் சொல்வேன். ஆனால் அந்த ஒரு நாளையும் கையெழுத்தோடு கழித்துவிடுகிறவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. கலந்துகொண்ட சான்றிதழைப் புதுப்பிக்கும்போது கேட்பார்கள் என்பதால், பத்திரமாக வைத்துக்கொள்வது அவசியம்.

ஓசூருக்கு அந்தப் பக்கம்

பதிவு மாநிலத்துக்கு உரியது. ஓசூரில் மெடிக்கலில் வேலை பார்க்கும் மாலதிக்கு, பத்துப் பதினைந்து கிலோமீட்டரில், எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளியில் கூடுதல் சம்பளத்துக்கு வேலை கிடைக்கிறது. தமிழ்நாட்டுச் சான்றிதழை எடுத்துப்போய் அங்கே மாட்டினால் செல்லாது. அத்திப்பள்ளி கர்நாடகம். அங்கே கர்நாடக மாநில பார்மசி கவுன்சிலின் பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும்.

வழி இருக்கிறது. வேறு மாநிலத்தில் பதிவு பெற்றவர், புதிய மாநிலத்தில் தொழில் செய்யப் போகிறார் என்பதே அங்கே பதிவுக்குத் தகுதி. மறுபடி தேர்வு எழுத வேண்டாம். முதலில் இங்கே நிலுவை இல்லாமல் புதுப்பித்திருக்க வேண்டும். பிறகு தமிழ்நாடு கவுன்சிலிடம் ஆட்சேபணை இல்லை என்ற கடிதம் வாங்கி, அங்கே வேலை அல்லது குடியிருப்புச் சான்றோடு விண்ணப்பிக்க வேண்டும். இங்கே பெயர் விடுபட்டு அங்கே பெயர் ஏறாத ஓர் இடைவெளி வரும். அந்த நாட்களில் இரண்டு மாநிலத்திலும் கல்லாவில் நிற்க முடியாது. அதனால் புதிய முதலாளியிடம் சேரும் தேதியைச் சொல்லும்போதே இந்த இடைவெளியைக் கணக்கில் வைத்துச் சொல்ல வேண்டும். புதுச்சேரிக்குப் போகும் கடலூர்க்காரருக்கும், பாலக்காட்டுக்குப் போகும் கோவைக்காரருக்கும் இதே கதைதான்.

டி.பார்ம் முடித்துவிட்டு நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்ந்து பி.பார்ம் முடிப்பவர்கள் புதிதாகப் பதிவு வாங்கத் தேவையில்லை. ஏற்கெனவே உள்ள பெயருக்கு எதிரே கூடுதல் தகுதியைச் சேர்த்துக்கொள்ளச் சட்டத்தில் தனிப் பிரிவு இருக்கிறது. படிப்பு முடியும் வரை பழைய பதிவைப் புதுப்பித்துக்கொண்டே வர வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. காலேஜுக்குப் போகிறோமே, இப்போது எதற்கு ரெனியூவல் என்று விட்டுவிடுகிறவர்கள் மூன்று ஆண்டு கழித்து நிலுவையோடு நிற்பார்கள்.

பதிவேட்டில் பெயர் இருப்பதால் கிடைப்பவையும் உண்டு. தமிழ்நாடு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மருந்தாளுநர் பணிக்கு ஆள் எடுக்கும்போது டிப்ளமோவோடு கவுன்சில் பதிவையும் கேட்கிறது. 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகம் திட்டத்தில் கடை எடுத்து நடத்த டி.பார்ம், பி.பார்ம் படித்தவர்களிடமிருந்து விண்ணப்பம் கேட்டார்கள். மாநில கவுன்சிலில் ஆறு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுப்பதும் பதிவு பெற்ற பார்மசிஸ்டுகள்தான். பெயர் நீங்கியவருக்கு அந்த வாக்கும் இல்லை.

வாடகைக்குப் போகும் பெயர்

"சும்மா இருக்கிற சர்டிபிகேட்டைக் கொடு, மாசம் ஒரு தொகை தர்றேன், நீ வரவே வேண்டாம்." டி.பார்ம் முடித்து ரெப் வேலைக்கோ, கம்பெனி வேலைக்கோ, வேறு தொழிலுக்கோ போனவர்கள் பலர் கேட்டிருக்கும் பேச்சு இது. பணம் சும்மா வருகிறது என்று தோன்றும். அந்தக் கடையில் பள்ளிப் படிப்பு முடித்த ஒரு பையன் சீட்டைப் பார்த்து மருந்து எடுத்துக் கொடுப்பான். அவனைக் குறை சொல்ல முடியாது, அவனுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. மேலே சொன்ன இரண்டு சிரப் பாட்டில்களுக்கும் உள்ள வித்தியாசம் அவனுக்குத் தெரியாது. மருந்து மாறிப்போனால் லைசென்ஸில் உள்ள பெயர் உங்களுடையது. ஊரில் இல்லை என்பது தற்காப்பு ஆகாது, அதுவே குற்றச்சாட்டு.

2015ஆம் ஆண்டு விதிகள், கடைக்கு வராமல் சான்றிதழைக் கொடுப்பதையும், ஒன்றுக்கு மேற்பட்ட கடைகளில் கொடுப்பதையும் தொழில் ஒழுங்கீனம் என்கின்றன. விசாரணை நடத்திப் பெயரை நீக்க 36ஆம் பிரிவு கவுன்சிலுக்கு அதிகாரம் தருகிறது. கட்டணம் கட்டாமல் பெயர் விடுபடுவதும் இதுவும் ஒன்றல்ல. அது பணம் கட்டினால் சரியாகும். இது வாழ்நாள் முழுக்கக் கூட வரும். 2022 நவம்பரில், பீகாரில் போலி பார்மசிஸ்டுகள் பற்றிய பொதுநல வழக்கை முகேஷ் குமார் என்பவர் உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோனபோது, பதிவு பெற்ற பார்மசிஸ்ட் இல்லாமல் ஆஸ்பத்திரியோ மருந்தகமோ நடப்பதை அனுமதிக்கக் கூடாது, அதைப் பார்த்துக்கொள்வது மாநில அரசின், பார்மசி கவுன்சிலின் கடமை என்று நீதிமன்றம் சொன்னது. உயர் நீதிமன்றம் அந்த வழக்கை மேலோட்டமாக முடித்துவைத்ததையும் ரத்து செய்து, திரும்ப விசாரிக்க அனுப்பியது.

இதில் வேண்டுமென்றே தப்புச் செய்யாதவர்களும் மாட்டுகிறார்கள். ஒரு கடையில் நேர்மையாக வேலை பார்த்துவிட்டு, வேறு கடைக்கு மாறிப்போகிறார். பழைய முதலாளி சான்றிதழின் நகலைக் கழற்றவே இல்லை, லைசென்ஸிலும் பெயரை மாற்றவில்லை. புதிய கடை இவர் பெயரைக் கொடுத்து விண்ணப்பிக்கும்போது, மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் ஒரே பெயர் இரண்டு கடையில் இருப்பது தெரிகிறது. விளக்கம் கேட்டுக் கடிதம் வருவது பார்மசிஸ்டுக்கு.

அதனால் வேலையை விடும் நாளில் மூன்று காரியம் செய்ய வேண்டும். சுவரில் உள்ள சான்றிதழைக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். முதலாளியிடம் எந்தத் தேதியிலிருந்து நீங்கள் இந்தக் கடையின் பார்மசிஸ்ட் இல்லை என்று எழுதி, நகலில் கையெழுத்து வாங்குங்கள். அதே கடிதத்தின் இன்னொரு நகலை, கடையின் லைசென்ஸ் எண்ணோடு, அந்த மாவட்ட மருந்துக் கட்டுப்பாட்டு உதவி இயக்குநர் அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகை அட்டை திரும்பி வந்ததும் டிப்ளமோ இருக்கும் அதே கோப்பில் வைத்துவிடுங்கள்.